58 ஸ்லைடு, ஒரு தாள்: சிறுநீரகப் பாடத்துக்கு மன வரைபடம்

நர்சிங் முதலாண்டு படிக்கும் என் தங்கை மகள் போன மாதம் உடலியங்கியல் பாடத்தின் ஸ்லைடுகளைக் கொண்டுவந்து நீட்டினாள். தலைப்பு சிறுநீரகம், மொத்தம் 58 ஸ்லைடுகள், ஒவ்வொன்றிலும் எறும்பு வரிசைபோல் எழுத்து. "எல்லாவற்றையும் படித்துவிட்டேன் பெரியம்மா, ஆனால் எது எதனால் நடக்கிறது என்று கேட்டால் சொல்ல வரவில்லை" என்றாள். அன்று மாலை நாங்கள் வரைந்த மன வரைபடத்தை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன். தேவையானவை ஒரு ஏ4 தாள், பென்சில், அழிப்பான், கொஞ்சம் துண்டுச் சீட்டுகள்.

1. தலைப்புகளை மட்டும் பாருங்கள்

பவர்பாயின்ட் கோப்பாக இருந்தால் `View` பட்டியலில் `Outline View` என்பதைத் திறந்தால் தலைப்புகளும் அவற்றின் கீழுள்ள வரிகளும் இடப்பக்கம் ஒரே ஓட்டமாகத் தெரியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தும், தனிப் பெட்டியில் தட்டச்சு செய்த எழுத்தும் அதில் வராது. எங்கள் கோப்பில் முக்கியமான ஒரு படமே அப்படி விடுபட்டது. அதனால் `Slide Sorter` காட்சியிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

முகப்பு, நோக்கங்கள், பகுதி பிரிக்கும் மூன்று ஸ்லைடுகள், மேற்கோள் நூல்கள், நன்றி என ஏழு கழிந்தன. 'தொடர்ச்சி' என்று நீண்டவற்றை அவற்றின் தாய் ஸ்லைடோடு சேர்த்ததில் இன்னும் பதினான்கு குறைந்தன. மிஞ்சிய 37 தலைப்புகளையும் துண்டுச் சீட்டில், ஸ்லைடு எண்ணோடு எழுதினோம். எண்ணை விட்டுவிடாதீர்கள், பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் போக அதுதான் வழி.

2. நடுவில் எதை எழுதுவது?

பெரும்பாலானோர் கோப்பின் தலைப்பை அப்படியே நடுவில் எழுதிவிடுவார்கள். 'சிறுநீரகம்' என்று எழுதினால் எல்லாமே அதன் கிளைதான்; எதற்கும் எதோடும் தொடர்பு தேட வேண்டியதில்லை. நான் கழித்துக்கட்டிய நோக்கங்கள் ஸ்லைடுக்குத் திரும்பிப் போனேன். ஆசிரியர் மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பது அங்கேதான் இருக்கும். அதிலிருந்த ஒரு வரியைக் கேள்வியாக மாற்றி நடுவில் எழுதினோம்: 'ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் என்ன செய்கிறது?'

கேள்வி வந்ததும் சீட்டுகள் தாமாகவே பிரிந்தன. அமைப்பு, வடிகட்டல், மீளுறிஞ்சல், ஹார்மோன், மருந்தும் நோயும் என ஐந்து குவியல்கள் ஆயின. எந்தக் குவியலிலும் சேராத நான்கு சீட்டுகளில் ஒன்று சூத்திரம், மற்றவை இயல்பு அளவுகளின் அட்டவணைகள். அவற்றை வரைபடத்துக்குள் திணிக்கவில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியதற்குத் தனித் தாள்தான் சரி.

3. கிளைகள்

தாளைக் கிடையாக வைத்து, நடுவிலிருந்து ஐந்து கிளைகள் இழுத்தோம். ஒவ்வொன்றிலும் நான்கைந்து சிறு கிளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று சொற்கள், அடைப்பில் ஸ்லைடு எண். உதாரணமாக, வடிகட்டல் கிளையில் 'நாளுக்கு 180 லிட்டர் (14)', மீளுறிஞ்சல் கிளையில் 'சிறுநீர் சுமார் 1.5 லிட்டர் (19)'. இந்த இரண்டு எண்களை மட்டும் தாளில் அனுமதித்தேன். வடிகட்டியதில் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது என்பதை அவை அருகருகே நின்று சொல்லிவிடுகின்றன.

4. குறுக்குக் கோடுகள்: இங்கேதான் வேலை

இதுவரை செய்தது வெறும் பொருளடக்கம். கிளைகளுக்கு இடையே ஓடும் கோடுதான் பாடத்தைக் காட்டும். எங்கே கோடு போடுவது என்று தெரியாவிட்டால், வேறு வேறு கிளைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடுங்கள். `Ctrl+F` அழுத்தி `sodium` என்று தேடினோம். மீளுறிஞ்சல், ஹார்மோன், மருந்து என மூன்று கிளைகளின் ஸ்லைடுகளிலும் வந்தது. `renin` வடிகட்டல் பகுதியில் ஓர் ஓரமாகத் தலைகாட்டி, பத்துப் பதினைந்து ஸ்லைடு கழித்து ஹார்மோன் பகுதியில் விரிந்தது. இப்படிப்பட்ட சொற்கள்தான் பாலங்கள்.

கோட்டின் மேல் கட்டாயம் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும். 'தொடர்பு' என்று எழுதினால் செல்லாது. என் தங்கை மகள் முதலில் 'ரெனின்' என்பதிலிருந்து 'ரத்தநாளம்' வரை வெறும் கோடு இழுத்திருந்தாள். பார்க்கச் சரியாகவே இருந்தது. "என்ன செய்கிறது?" என்றேன். "சுருக்குகிறது" என்று எழுதிவிட்டு, உடனே 31ஆம் ஸ்லைடைத் திறந்து பார்த்தாள். ரெனின் எதையும் சுருக்குவதில்லை. அது ஒரு நொதி. கோட்டை அழித்துவிட்டு இப்படி எழுதினாள்:

அழுத்தம் குறைதல் → ரெனினைச் *சுரக்கவைக்கிறது* → ரெனின், கல்லீரல் தரும் ஆஞ்சியோடென்சினோஜனை ஆஞ்சியோடென்சின் 1 ஆக *வெட்டுகிறது* → முக்கியமாக நுரையீரலில் உள்ள ஏசிஇ நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக *மாற்றுகிறது* → அது நாளங்களைச் *சுருக்குகிறது*. அதுவே அட்ரீனல் சுரப்பியை ஆல்டோஸ்டிரோன் சுரக்கத் *தூண்டுகிறது* → ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைப் *பிடித்துவைக்கிறது*, நீர் பின்தொடர்கிறது → அழுத்தம் *ஏறுகிறது*.

கடைசி அம்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பி, ரெனினை அடக்குகிறது. அதன் மேல் ஒரு கழித்தல் குறி போட்டோம். ஸ்லைடுகளில் இந்த வட்டம் எங்கும் வட்டமாக இல்லை. நான்கு இடங்களில் நான்கு துண்டுகளாகக் கிடந்தது. ஸ்லைடு வரிசை பேசுவதற்கு வசதியான வரிசை. உடலில் நடப்பது அந்த வரிசையில் அல்ல.

(வினைச்சொல் எழுதும் பழக்கம் மன வரைபடத்தை விட, 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கிய கருத்து வரைபடத்துக்குச் சொந்தமானது. கடன் வாங்கினால் தப்பில்லை.)

குறுக்குக் கோடுகள் ஆறேழுக்கு மேல் போனால் தாள் சிலந்திவலையாகிவிடும். அப்போது ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். அது இல்லாமலும் நடுக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் அழித்துவிடுங்கள். ஏடிஹெச் ஹார்மோனுக்கு அவள் மூன்று கோடுகள் போட்டிருந்தாள்; 'சேகரிப்புக் குழாயில் நீரைத் திரும்ப எடுக்கவைக்கிறது' என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

5. சோதித்துப் பார்த்தல்

கோப்பை மூடிவிட்டு, வரைபடத்தில் ஒரு கோட்டை அறுத்துப் பாருங்கள். நாங்கள் எடுத்தது எனலாபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை. அதை 'மருந்து' கிளையின் நுனியில் தொங்கவிட்டிருந்தாள். அது ஏசிஇ நொதியைத் தடுப்பதால் அந்த அம்பின் மேலேயே ஒரு குறுக்குவெட்டு போடச் சொன்னேன். "இப்போது ரெனின் கூடுமா, குறையுமா?" கழித்தல் குறியிட்ட அம்பை விரலால் தொட்டு யோசித்தாள். "அடக்க ஆளில்லை, அதனால் கூடும்." சரிதான், கூடும். அந்த வரி எந்த ஸ்லைடிலும் இல்லை.

இன்னொன்றுக்கு வரைபடம் பதில் சொல்லவில்லை. அந்த மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வருவது 52ஆம் ஸ்லைடில் பக்கவிளைவாக இருந்தது, காரணம் இல்லை. ஏசிஇ நொதி பிராடிகைனின் என்ற வேறொரு பொருளையும் சிதைக்கிறது. மாத்திரை அந்த வேலையையும் நிறுத்துவதால் அது தேங்குகிறது. இருமலுக்கு அதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏசிஇ நொதியிலிருந்து புள்ளிக்கோடு ஒன்றை இழுத்து, நுனியில் கேள்விக்குறி போட்டு, மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் கேட்கச் சொன்னேன்.