முகம் மட்டும் வெளுத்துப்போன செல்ஃபியைச் சரிசெய்வது எப்படி?

ஆடிப்பெருக்கு அன்று திருவையாறு படித்துறையில் அக்கா மகள் எடுத்த செல்ஃபியில் முகம் ஒரு நிறம், மஞ்சள் கயிறு கட்டிய கை வேறு நிறம். முகத்தில் பூசியிருந்த மஞ்சளைக்கூடக் காணோம். "மாமா, இது நான் மாதிரியே இல்ல, மாத்திக் கொடுங்க" என்றாள். அதை மாற்றிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பியூட்டி ஃபில்டர் முகத்தைக் கண்டதும் தோல் நிறத்தில் இருக்கும் இடத்தைத் தனியே பிரித்து, புள்ளி, சுருக்கம் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, நடுத்தர வெளிச்சத்தில் இருக்கும் நிறங்களைத் தூக்கிவிடுகிறது, மஞ்சளையும் சிவப்பையும் குறைக்கிறது. மாநிறம், கறுப்பு எல்லாம் அந்த நடுத்தர அளவிலும் அதற்குக் கீழேயும்தான் இருக்கின்றன. அதனால் நம் முகம்தான் அதிகம் மாறுகிறது. ஏற்கெனவே வெளுப்பாக இருக்கும் முகத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. எது அழகு என்று ஃபில்டருக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே கோளாறு. 2017இல் ஃபேஸ்ஆப் செயலியின் அழகூட்டும் ஃபில்டர் கறுத்த முகங்களை வெளுப்பாக்கியபோது, அதன் பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் ஒருதலைச் சார்பாக இருந்ததே காரணம் என்று சொல்லி அதன் நிறுவனர் மன்னிப்புக் கேட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் படத்தைப் பெரிதாக்கிக் காதையும் கையையும் பாருங்கள். அவை இயல்பாக இருந்து முகம் மட்டும் வெளுத்திருந்தால் ஃபில்டர் வேலை. கை, வெள்ளை வேட்டி, பின்னாலிருக்கும் ஆற்று நீர் என எல்லாமே வெளுத்திருந்தால், இருண்ட முகத்தை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர கேமரா மொத்தப் படத்தையும் ஏற்றிவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஃபில்டரை அணைத்துப் பயனில்லை. எடுக்கும்போதே திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும்.

ஃபில்டர்தான் என்றால் முன் கேமராவைத் திறந்து, மந்திரக்கோல் அல்லது முகம் போட்ட குறியைத் தொட்டு, உள்ளே இருக்கும் எல்லா அளவுகளையும் 0 ஆக்குங்கள். போர்ட்ரெய்ட், வீடியோ இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள், பல போன்களில் ஒன்றில் அணைத்தாலும் மற்றதில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே எடுத்த படத்துக்கு ஸ்னாப்சீட் செயலி போதும். Selective கருவியை எடுத்துக் கன்னத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் கிள்ளி விரித்தால் எதுவரை மாறும் என்று சிவப்பாகக் காட்டும். அது முகத்தைத் தாண்டக் கூடாது. Brightness அளவை மெதுவாகக் குறைத்துக்கொண்டே காதைப் பாருங்கள், இரண்டும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துங்கள். இவள் படத்துக்கு -25 வரை போனேன். அப்புறம் Saturation +15 ஏற்றியதும் மஞ்சள் திரும்பி வந்தது. நெற்றிக்குத் தனியாக இன்னொரு புள்ளி தேவைப்பட்டது.

முழு வெள்ளையாகிவிட்ட இடத்தைக் குறைத்தால் சாம்பல் பூசியதுபோலத் தெரியும், அங்கே மீட்க நிறமே மிச்சமில்லை. ஃபில்டர் வழித்த கன்னத்து மச்சமும் திரும்பவில்லை. அதற்காக மறுநாள் கொல்லையில் வேப்பமர நிழலில் நிற்கவைத்து, பின் கேமராவில் இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தேன்.