குன்னூரில் வீடு வீடாக நோட்டீஸ் போடுவது எப்படி?

குன்னூரில் கீசர் பழுது பார்க்கும் தொழிலைப் புதிதாகத் தொடங்குகிறவர் ஒருவர் ஆயிரம் நோட்டீஸ் அடிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுக்கத் தூவினால் நாலு அழைப்பு வரலாம். ஆனால் அவை எந்தத் தெருவிலிருந்து வந்தன என்று தெரியாது. அடுத்த ஆயிரத்தையும் அதே குருட்டாம்போக்கில்தான் போட வேண்டியிருக்கும். அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து, அதாவது கணக்கு எடுப்பதிலிருந்து தொடங்குங்கள்.

1. பகுதிக்கு ஒரு கலர்

மூன்று பகுதிகள் போதும். பெட்ஃபோர்டு, ஓட்டுப்பட்டறை, எடப்பள்ளி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் முந்நூறு வீடு, மீதி நூறு கைவசம். அச்சகத்தில் வாசகத்தை மாற்றாமல் பேப்பரின் கலரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை. அடர்ந்த கலர் வேண்டாம், கறுப்பு எழுத்து எடுபடாது. யாராவது கூப்பிட்டால், “நோட்டீஸ் என்ன கலர்ங்க?” என்ற ஒரு கேள்வி போதும்.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பாதீர்கள். ரோட்டுக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் நாற்பது படி என்றுதான் நம் ஊர் வீடுகள் இருக்கின்றன. பஸ்ஸில் உச்சிக்குப் போய் இறங்கி, கீழ்நோக்கி நடந்துகொண்டே போடுங்கள். பூட்டிக் கிடக்கும் பங்களாக்களை விட்டுவிடலாம். உரிமையாளர் சீசனுக்கு வரும்போது உங்கள் நோட்டீஸ் வாசலில் மட்கிப் போயிருக்கும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் அருவங்காடு குவார்ட்டர்ஸுக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

2. அளவும் தாளும்

ஏ4 தாளை நான்காக வெட்டினால் கிடைக்கும் ஏ6 அளவே இந்தத் தொழிலுக்குச் சரி. 250 தாளில் ஆயிரம் நோட்டீஸ் வந்துவிடும். கீசர் இன்றைக்கே கெட்டுப்போகாது. காலண்டர் ஆணியில் செருகி வைக்கிற அளவில் இருந்தால்தான், ஒரு மாதம் கழித்து வெந்நீர் வராத காலையில் கைக்குக் கிடைக்கும். பெரிய நோட்டீஸ் பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் போகும்.

என்ன வேலை, எந்த ஊர், போன் நம்பர். இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். நம்பர் கையெட்டும் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி இருக்க வேண்டும்.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் மட்டும் அடிக்காதீர்கள். பெரும்பாலும் அந்த மை பனி ஈரத்திலேயே கரைந்துவிடும். ஆஃப்செட்டோ ஜெராக்ஸோ கரையாது. ஈரத்துக்குப் பயந்து பிளாஸ்டிக் உறையில் போடும் யோசனையும் வேண்டாம், நீலகிரியில் அதற்கெல்லாம் கெடுபிடி அதிகம். கேட் கம்பியில் சொருகுவதைவிடக் கதவுக்கு அடியில் தள்ளுவது மேல். கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஈ.பி. மீட்டர் பெட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.

3. எப்போது?

குளிர் இறுகுவதற்குச் சற்று முன்னால். ஆனால் குன்னூரில் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைக் காலம். அதனால் டிசம்பரில் மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் வாரங்கள் தோது. வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்தி சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நிற்கும்; அதற்கு நோட்டீஸ் தேவையில்லை.

வாரத்துக்கு ஒரு பகுதி மட்டும் போடுங்கள். எல்லாம் ஒரே நாளில் போட்டு, அழைப்பு சேர்ந்து வந்து, போக முடியாமல் போனால் பெயர் கெட்டுவிடும்.

4. நோட்டுப் புத்தகம்

தேதி, கலர், என்ன பழுது, வேலை கிடைத்ததா. நாலு கட்டம் போதும். “பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க” என்று வருகிறவர்களைத் தனியாக எழுதுங்கள்.

எண்ணிக்கை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: மஞ்சளில் 9 அழைப்பு, 5 வேலை, இளஞ்சிவப்பில் 4 அழைப்பு, 3 வேலை, பச்சையில் 2 அழைப்பு, இரண்டும் வேலை. பகுதிக்கு அச்சும் கூலியும் சேர்த்து 600 ரூபாய் என்றால், ஒரு வேலை பிடிக்க ஆன செலவு மஞ்சளில் 120, இளஞ்சிவப்பில் 200, பச்சையில் 300 ரூபாய்.

இங்கே அவசரப்படக் கூடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அதோடு முதல் வாரம் போட்ட மஞ்சளுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் போட்ட நாளிலிருந்து சரியாக அறுபது நாள் எண்ணி, அப்புறம் ஒப்பிடுங்கள். அப்போதும் மஞ்சள் முந்தினால், புதிய பகுதி தேடுவதற்கு முன் அதே முந்நூறு வீட்டுக்கு இன்னொரு முறை போடுங்கள். இரண்டாம் முறைக்கு வேறு கலர் எடுத்தால், பழைய நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களும் தனியாகத் தெரிவார்கள்.