போல் எங்கே இருக்கிறது: விடைத்தாளில் வழுக்கும் மூன்று இடங்கள்

G(s) = K/(s(s+2)(s+4)) என்ற பிளான்ட்டை யூனிட்டி ஃபீட்பேக்கில் இணைத்து, K = 60 என வைக்கிறோம். சிஸ்டம் ஸ்டேபிளா?

பலர் G(s)-இன் போல்களைப் பார்ப்பார்கள்: 0, −2, −4. வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை, எனவே பிரச்சினை இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இவை ஓப்பன் லூப் போல்கள். லூப்பை மூடியதும் போல்கள் நகர்ந்துவிடும். பார்க்க வேண்டியது 1 + G(s) = 0, அதாவது s³ + 6s² + 8s + K = 0 என்ற சமன்பாட்டின் மூலங்களை.

அடுத்த சறுக்கல் இங்கேயே இருக்கிறது. K = 60-க்கு எல்லாக் கெழுக்களும் நேர்மம்; அதனால் ஸ்டேபிள் என்பார்கள். இரண்டாம் படிச் சமன்பாட்டுக்கு அது போதும், மூன்றாம் படிக்குப் போதாது. ரூத் அட்டவணை போட்டால் 6 × 8 > K என்ற நிபந்தனை வருகிறது, எல்லை 48. MATLAB-இல் சரிபார்க்கலாம்:

```
roots([1 6 8 60])
```

விடை சுமாராக −6.25, 0.13 ± 3.09j. மெய்ப்பகுதி நேர்மம், ஆனால் வெறும் 0.13 என்பதால் அலைவு இரட்டிப்பாக ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். மூன்று விநாடி மட்டும் சிமுலேஷன் ஓட்டியவருக்கு இது சாதாரண அலைவாகவே தெரியும். இதே சிஸ்டத்துக்கு யூனிட் ஸ்டெப் உள்ளீடு கொடுத்து ஃபைனல் வேல்யூ தேற்றத்தைப் போட்டால் 1 என்று அழகாக விடை வரும். அதற்குப் பொருளே இல்லை. தேற்றம் ஸ்டேபிள் சிஸ்டத்துக்கு மட்டுமே செல்லும்.

K-ஐ 15-ஆகக் குறைத்தால் (s+5)(s²+s+3) கிடைக்கும். −5 போல், மற்ற இரண்டின் மெய்ப்பகுதியான −0.5-ஐப் போலப் பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டாம் படிச் சூத்திரம் போடலாம்: டேம்பிங் விகிதம் 0.29, ஓவர்ஷூட் சுமார் 39%, செட்லிங் டைம் 4/0.5 = 8 விநாடி. இதுவரை சரி.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது மூன்றாவது தவறுதான்: கீழே s²+s+3 வந்தாலே அதே 39% என்று எழுதுவது. மேலே ஒரு ஜீரோ இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 3(s+1)/(s²+s+3)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போல்கள் மாறவில்லை, ஸ்டெடி ஸ்டேட்டும் 1-தான். ஆனால் இப்போது வெளியீடு, பழைய ஸ்டெப் ரெஸ்பான்ஸோடு அதன் வகைக்கெழுவையும் கூட்டிய தொகை. ஏறும்போது வகைக்கெழு பெரிதாக இருப்பதால் அலை முன்கூட்டியே 1.12-ஆம் விநாடியில் உச்சம் தொடுகிறது. ஓவர்ஷூட் ஏறக்குறைய 99%. அலைவு தணியும் வேகத்தையும் அதிர்வெண்ணையும் போல்கள் தீர்மானிக்கின்றன. உச்சம் எவ்வளவு என்பதில் ஜீரோவுக்கும் பங்குண்டு.

```
step(tf([3 3],[1 1 3]))
```