ரத்த வாந்தி நோயாளி: பிரஷருக்கு முன்னால் நாடியைப் பாருங்கள்

காபித்தூள் கலந்தது போன்ற வாந்தி, தார் போல ஒட்டி நாற்றமடிக்கும் கறுப்பு மலம் இரண்டில் எது வந்தாலும், மேல் குடல் ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதில் இந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது.

1. மதிப்பீடு

வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்ட, 70 கிலோ எடையுள்ள ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடி 118, பிரஷர் 104/70, ஹீமோகுளோபின் 12. கடைசி இரண்டு எண்களைப் பார்த்து 'பரவாயில்லை' என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ரத்தம் அணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறும்போது மிச்சமிருப்பதன் அடர்த்தி உடனே மாறாது. திசுக்களிலிருந்து நீர் ரத்தக்குழாய்க்குள் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், அப்புறம்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிரஷரையும் உடல் பிடித்து வைத்திருக்கும்.

அதனால் நாடியை மேல் பிரஷரால் வகுத்துப் பாருங்கள். 118-ஐ 104-ஆல் வகுத்தால் 1.1-க்கு மேல். 1-ஐத் தாண்டினாலே ஆபத்து. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கை கால் சில்லிட்டிருக்கிறதா, பேச்சு குழம்புகிறதா என்றும் பாருங்கள்.

2. திரவம்

இரண்டு கையிலும் 18 கேஜ் பச்சை கேனுலா, கிடைத்தால் 16 சாம்பல் நிறம். நீல நிற 22 இங்கே உதவாது. நடுவில் த்ரீ-வே, நீட்டிப்புக் குழாய் எதுவும் மாட்டாமல் இருப்பதே எனக்குப் பிடிக்கும். அவை ஓட்டத்தைக் குறைக்கும். ஊசி போடும்போதே ரத்த வகை, கிராஸ்மேட்ச் மாதிரிகளை எடுத்துவிடுங்கள்.

டாக்டர் சொன்னபடி 500 மி.லி. சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட்டை 15 நிமிடத்துக்குள் ஓட்டி, நாடியையும் பிரஷரையும் மறுபடி பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவார்கள். இதய நோயாளிக்கு 8. ஆனால் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கல்லீரல் நோயாளிக்கு அளவுக்கு மீறி ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி, நின்ற கசிவு மறுபடி தொடங்கலாம்.

3. எண்டோஸ்கோபிக்கு முன்

வாய்வழி எதுவும் வேண்டாம். ஒப்புதல் கையெழுத்து, பல்செட் கழற்றுவது வழக்கம்போல. எரித்ரோமைசின் எழுதியிருந்தால் முன்கூட்டியே போட வேண்டும், அது வயிற்றில் தேங்கிய ரத்தத்தைக் கீழே தள்ளும். சக்ஷன் ஓடுகிறதா என்று நீங்களே தட்டிப் பாருங்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் வாய்ப்பு குறையும்.

4. கண்காணிப்பு

நிலைப்படும் வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பிரஷர், மூச்சு, ஆக்சிஜன். சிறுநீர் மணிக்கு ஒரு கிலோவுக்கு 0.5 மி.லி., இவருக்கு 35 மி.லி.யாவது வர வேண்டும். கசிவு நின்ற பிறகும் கறுப்பு மலம் சில நாள் வரலாம். அதோடு நாடியும் ஏறினாலோ, புது ரத்தம் வந்தாலோ மறு கசிவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: ப்ரோப்ரனலால் சாப்பிடுபவருக்கு நாடி ஏறாதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான். கல்லீரல் நோயாளிகள் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள், எனவே முதலிலேயே மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். அவர்களிடம் நாடி 80 என்பது ஆறுதல் இல்லை. சிறுநீரும் கையின் குளிர்ச்சியும்தான் நிஜத்தைச் சொல்லும்.