கரண்ட் பில் திடீரென்று எகிறிவிட்டதா? மீட்டர் சோதனை கேட்டு மனு எழுதும் முறை

இரண்டு மாதத்துக்கு எழுநூறு, எண்ணூறு வந்துகொண்டிருந்த வீட்டுக்குத் திடீரென்று பத்தாயிரம் ரூபாய் பில் வந்தால், பலர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் வாய்மொழியாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். "முதல்ல கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வரும். ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும், ஏனென்றால் சட்டமே அங்கே துணைக்கு நிற்கிறது. எப்படி என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

மதுரை செல்லூரில் கீழும் மாடியுமாக இரண்டு குடும்பம் இருக்கும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கீழ் வீட்டுக்குப் பிப்ரவரியில் 280 யூனிட், ஏப்ரலில் 310, ஜூனில் 340. கட்டிய தொகை முறையே 611, 752, 893 ரூபாய். ஆகஸ்டில் 1,290 யூனிட் என்று போட்டு 10,220 ரூபாய் கேட்கிறார்கள். புதிதாக ஏசி வாங்கவில்லை, விருந்தாளியும் வரவில்லை.

முதலில் மீட்டரைப் பாருங்கள்

பில்லில் இருக்கும் இப்போதைய ரீடிங்கையும் மீட்டர் திரையில் kWh என்று காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். மீட்டர் காட்டுவது பில்லில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால், கணக்கெடுத்தவர் எண்ணைத் தவறாகக் குறித்திருக்கிறார். அதற்குச் சோதனையே தேவையில்லை. திரையைத் தேதியோடு போட்டோ எடுத்து, பில்லைத் திருத்தச் சொல்லி எழுதினால் போதும்.

அடுத்து வெள்ளை அட்டையில் தேதிகளைப் பாருங்கள். 60 நாளுக்குப் பதிலாக 75 நாள் கழித்துக் கணக்கெடுத்திருந்தால், கூடுதல் யூனிட் மேல் படிக்கட்டணத்துக்குள் போய் விழும். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகையும் குறைகிறது. அப்படியென்றால் மனுவில் கேட்க வேண்டியது, நாள் கணக்குப்படி பிரித்துப் போடச் சொல்வதுதான். போன முறை வீடு பூட்டியிருந்தது என்று சராசரி போட்டிருந்தார்களா என்பதையும் பாருங்கள். அந்தப் பாக்கி இந்த முறை சேர்ந்து வந்திருக்கலாம்.

நம் உதாரணத்தில் முந்தைய ரீடிங் 14,620. இப்போது 15,910. மீட்டரும் அதைத் தாண்டித்தான் காட்டுகிறது, 60 நாள் கணக்கும் சரி. ஆக, சந்தேகம் மீட்டர் மேலோ வயரிங் மேலோதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கும் இரண்டு சோதனை

மீட்டர் முகப்பில் 3200 imp/kWh அல்லது 1600 imp/kWh என்று அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓட அந்தச் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்ன வேண்டும் என்பதுதான் அது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் தண்ணீர் வாளியில் போட்டு ஓடவிடுங்கள் (ஓடும்போது தண்ணீரில் கை வைக்க வேண்டாம்). 3200 மீட்டரில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 53 முறை மின்ன வேண்டும், 1600 மீட்டரில் 27 முறை. வோல்டேஜ் குறைவாக இருந்தால் கொஞ்சம் குறையும். 3200 மீட்டரில் 45-க்கும் 58-க்கும் நடுவே இருந்தால் பெரிய கோளாறு இல்லை (1600 மீட்டரில் இதில் பாதி). நூறைத் தொட்டால் சோதனை கேட்க உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. பெரிய பிழையை மட்டும்தான் இந்த முறை பிடிக்கும், சின்ன விழுக்காட்டுப் பிழை இதில் தெரியாது.

இரண்டாவது சோதனை மதுரையின் பழைய வீடுகளுக்கு மிக முக்கியம். ஒரே கட்டடத்தைப் பிரித்துப் பிரித்து வாடகைக்கு விட்ட இடங்களில், இரண்டு வீட்டு நியூட்ரல் வயரும் எங்கோ ஒரு ஜங்ஷன் பெட்டியில் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். இப்போதைய சிங்கிள் பேஸ் மீட்டர்கள் பல, பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, எது கூடுதலோ அதைக் கணக்கில் எடுக்கும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஆனால் மாடி வீட்டு ஏசியின் மின்னோட்டம் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பினால், அதுவும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மெயினை இறக்க வேண்டாம், இறக்கினால் நியூட்ரலும் அறுந்து உண்மை மறைந்துவிடும். மெயின் மேலேயே இருக்கட்டும், டிபி பெட்டியில் வரிசையாக உள்ள எம்சிபி ஸ்விட்சுகளை மட்டும் இறக்குங்கள். மாடியில் ஏசி, மோட்டார் எல்லாம் ஓடச் சொல்லுங்கள். உங்கள் மீட்டர் விளக்கு அப்போதும் மின்னினால் நியூட்ரல் கலந்திருக்கிறது. பெரும்பாலும், பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டம் ஒத்துப்போகவில்லை என்று காட்டும் E/L என்ற சின்ன விளக்கும் எரியும். இதை எலக்ட்ரீசியனை வைத்துச் சரிசெய்யுங்கள். இந்த மாதிரி வீட்டில் மீட்டரைக் கழற்றி லேபுக்கு அனுப்பினால் "மீட்டர் நன்றாக இருக்கிறது" என்றுதான் அறிக்கை வரும். அதனால்தான் மனுவில் வீட்டிலேயே வந்து பார்க்கும்படியும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எதைச் செய்தாலும் மீட்டர் மூடியையோ சீலையோ தொடாதீர்கள். சீல் அறுந்திருந்தால் பேச்சு திருட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

எவ்வளவு கட்டுவது?

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-ஐ நினைவில் வையுங்கள். பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. அதோடு, தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது என்றால் நுகர்வோர் ஆட்சேபத்துடன் ஒரு தொகையைக் கட்ட வேண்டும்: கேட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது.

நம் உதாரணத்தில் ஆறு மாதம் என்றால் மூன்று பில். 611, 752, 893 சேர்த்தால் 2,256. மாதத்துக்கு 376, இரண்டு மாதத்துக்கு 752 ரூபாய். 10,220 கேட்ட இடத்தில் 752 கட்டி, மீதியைத் தகராறில் வைக்கலாம்.

இணையத்தில் முழுத் தொகையைத்தான் காட்டும், அதனால் கணக்கெடுத்து 20 நாளுக்குள் மனுவோடு நேரில் போங்கள். கவுன்ட்டரில் வாங்க மறுத்தால் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். அவரும் மறுத்தால், நான் சொல்வது, முடிந்தால் முழுத் தொகையைக் கட்டி "ஆட்சேபத்துடன் கட்டப்பட்டது" என்று மனுவில் எழுதிவிடுங்கள். தீர்வு உங்கள் பக்கம் வந்தால் அடுத்த பில்களில் கழித்துக் கேட்கலாம்.

மனு

எந்தக் கோபமும் வேண்டாம், எண்கள் போதும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது நல்லது. மதுரை மண்டலத்து மின் இணைப்பு எண் 05 என்று தொடங்கும், அதை முழுதாக எழுதுங்கள்.

விடுநர்: பெயர், முகவரி, செல்பேசி எண்
பெறுநர்: உதவிப் பொறியாளர், (உங்கள் பிரிவு) அலுவலகம், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், மதுரை
நாள்:

பொருள்: மின் இணைப்பு எண் 05-…, ஆகஸ்ட் மாதப் பில் மீது ஆட்சேபம், மீட்டர் சோதனை மற்றும் திருத்திய பில் கோருதல்.

ஐயா / அம்மா,

மேற்கண்ட வீட்டு இணைப்பில் கடந்த மூன்று கணக்கெடுப்பில் 280, 310, 340 யூனிட் பதிவானது. ஆகஸ்ட் கணக்கெடுப்பில் (14,620 முதல் 15,910 வரை) 1,290 யூனிட் என்று 10,220 ரூபாய் கேட்கப்பட்டுள்ளது. இக்காலத்தில் வீட்டில் மின்சாதனமோ ஆட்களோ கூடவில்லை. மீட்டர் சரியாகப் பதிவு செய்கிறதா என்பதில் எனக்கு ஐயம் உள்ளது.

ஆகவே, தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு 2004, ஒழுங்குமுறை 7-இன்படி மீட்டரைச் சோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சோதனைக் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன். சோதனை நாளை முன்கூட்டித் தெரிவித்து, என் முன்னிலையில் செய்ய வேண்டுகிறேன். நியூட்ரல் கலப்பு உள்ளதா என இடத்திலேயே பார்க்கவும், ஒப்பீட்டுக்கு ஓர் இணை மீட்டர் பொருத்தவும் வேண்டுகிறேன். சோதனை அறிக்கையின் நகலைத் தரவும்.

மீட்டர் பழுது எனத் தெரிந்தால் ஒழுங்குமுறை 11-இன்படி பில்லைத் திருத்தித் தரவும். அதுவரை, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன்படி ஆறு மாதச் சராசரியான 752 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன். இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இணைப்பு: அட்டை நகல், கடந்த மூன்று பில் நகல், மீட்டர் போட்டோ.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தர மறுத்தால் அன்றே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மின்னகம் எண் 94987 94987-க்கும் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் மனுவுக்கு அது மாற்று அல்ல.

மீட்டரைக் கழற்றும் நாள்

அன்று வீட்டில் இருங்கள். கழற்றும்போது காட்டும் ரீடிங்கையும் மீட்டர் எண்ணையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், போட்டோவும் எடுங்கள். சீல் முழுதாக இருக்கிறது என்பது அதில் எழுதப்படட்டும். புது மீட்டரின் தொடக்க ரீடிங்கையும் குறித்துவிடுங்கள், அடுத்த பில்லில் அங்கேதான் குழப்பம் வரும்.

மீட்டர் பழுது என்று அறிக்கை வந்தால் ஒழுங்குமுறை 11-இன்படி முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்து மறுகணக்குப் போட வேண்டும். நம் வீட்டுக்கு 310-ம் 340-ம் சேர்ந்து 650, பாதி 325 யூனிட். முன்பு வந்த அதே கட்டண விகிதத்தில் 823 ரூபாய் வருகிறது. 752 கட்டியாயிற்று, மீதி 71 மட்டும்தான். பயன்பாடு அந்த நான்கு மாதத்தில் வேறு மாதிரி இருந்தது என்றால் முந்தைய 12 மாதத்துக்குள் வேறு நான்கு தொடர் மாதங்களை எடுக்க விதி இடம் தருகிறது. கோடையில் மட்டும் ஏசி ஓட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும், அலுவலகம் கோடை மாதங்களை எடுத்தால் உங்கள் சராசரி கூடும்.

மீட்டர் சரி என்று வந்தால் பாக்கியைக் கட்டத்தான் வேண்டும், தாமதக் கட்டணமும் சேரலாம். தவணை கேட்டு எழுதுங்கள்.

பதிலே வரவில்லை என்றால்

மனுவின் நகலோடு உதவி செயற்பொறியாளர், பிறகு செயற்பொறியாளர் என்று மேலே போங்கள். கோட்ட அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கு மேற்பார்வைப் பொறியாளர் வருவார், அங்கே நேரில் கொடுக்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் உங்கள் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளர். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது முத்திரை வாங்கிய அந்த நகலைத்தான்.

திருத்திய தொகை கணக்கில் ஏறிவிட்டதா என்பதை அடுத்த பில் வரும்போது பாருங்கள். பழைய 10,220 பாக்கியாக மறுபடி காட்டினால், சோதனை அறிக்கையின் நகலோடு அன்றே போய்த் திருத்தச் சொல்லுங்கள்.