முதல் மாணவருக்கு ஃபீஸைக் குறைக்காதீர்கள்: டியூஷன் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டியூஷன் எடுக்கப் புதிதாக வருபவர்கள் போனை எடுக்காமல் விடுவது, வகுப்புக்குத் தாமதமாகப் போவது போன்ற தவறுகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்கிறார்கள். அவற்றை விட்டுவிடுவோம். நன்றாகப் பாடம் நடத்தத் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு. செய்யும் அன்று அவை தவறாகத் தெரியாது. ஒரு பருவம் முடிந்த பிறகுதான் கணக்கு இடிக்கும்.

முதல் பெற்றோருக்கு ஃபீஸைக் குறைப்பது

இந்தத் தவறைப் பார்க்கும்போதுதான் இன்னும் எரிச்சல் வருகிறது. நல்ல மனதோடு செய்வதால் யாரும் தடுப்பதில்லை. "முதல் மாணவர்தானே, குறைத்து வாங்கிக்கொள்வோம், அடுத்து வருகிறவர்களிடம் முழுதாக வாங்கலாம்" என்பது இவர்கள் போடும் கணக்கு. ஒருவரையொருவர் அறியாத வீடுகளிலிருந்து மாணவர்கள் வந்தால் இது பலிக்கலாம். பெற்றோர் வட்டத்தில் பலிக்காது. ஓர் ஆசிரியரைப் பற்றி ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொன்னதும் எழும் கேள்விகள் இரண்டுதான்: எப்படி நடத்துகிறார், எவ்வளவு வாங்குகிறார்? உங்கள் பெயர் போகிற இடத்துக்கெல்லாம் ஃபீஸும் கூடவே போகும்.

ஒரு கணித ஆசிரியரின் நிலையை எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். அவருடைய முழுக் கட்டணம் மணிக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவிக்கு 60 என்று சொல்கிறார், வாரத்துக்கு 2 மணி நேரம். மாணவியின் மதிப்பெண் ஏறுகிறது. அம்மா தன் தோழிகள் மூவரிடம் சொல்கிறார், மூவருமே 60 என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இப்போது வாரத்துக்கு 8 மணி நேரம் போகிறது, வருவது 480. முழுக் கட்டணத்தில் அது 800.

இழப்பு அந்த 320 மட்டும் இல்லை. பள்ளி விட்ட பிறகு மாணவர்கள் வரக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 2 மணி என்றால், ஐந்து நாளில் 10 மணிதான் கையில் இருக்கிறது. அதில் 8 நிரம்பிவிட்டது. வட்டத்துக்கு வெளியிலிருந்து 100 கொடுக்கத் தயாராக இரண்டு பேர் வந்தால், ஒருவருக்கு மட்டும்தான் இடம்.

சரி, 80 ஆக உயர்த்தலாம் என்று பார்த்தால் அங்கே இன்னொரு சிக்கல். முதல் அம்மாதான் மற்ற மூவருக்கும் 60 என்று சொன்னவர். உயர்வை அவர் தன் வாக்குக்கு வந்த குறையாக எடுத்துக்கொள்வார். நால்வரும் கலந்து பேசித்தான் பதில் சொல்வார்கள். தனியாக இருந்தால் சம்மதித்திருக்கக் கூடியவர்கூட, மற்றவர்கள் முன் முதலில் இறங்கிப்போக விரும்பமாட்டார். போனால் நால்வரும் சேர்ந்தே போவார்கள்.

இந்த நிலை வந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. புதிதாகப் போன் செய்பவர், பிள்ளை எந்த வகுப்பு, எதில் தடுமாறுகிறது என்று சொல்வதற்கு முன்பே "அறுபதுதானே?" என்று கேட்டால், ஃபீஸ் உங்களை முந்திக்கொண்டு போய்விட்டது என்று பொருள்.

ஆகவே மணிக்கு வாங்கும் கட்டணத்தைத் தொடாதீர்கள். வேண்டுமானால் வகுப்பின் அமைப்பை மாற்றுங்கள். ஒரு டெமோ வகுப்பை இலவசமாக, 45 நிமிடத்தில் முடியும்படி நடத்தலாம். 100 கட்ட முடியாதவருக்கு, அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வந்தால் ஆளுக்கு 60 என்று சொல்லலாம். உங்களுக்கு மணிக்கு 120 வரும். பெற்றோர் வட்டத்தில் ஜோடி கிடைப்பது சுலபம், ஏனென்றால் பாடத்திட்டமும் தேர்வுத் தேதியும் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: இரண்டு வாரத்துக்குள் வேறு துணை கிடைக்காவிட்டால் தனி வகுப்புக் கட்டணம்.

சலுகை கொடுத்தே தீரவேண்டும் என்றால் ரசீதில் முழுக் கட்டணம் 100, சலுகை 40, எந்தத் தேர்வு வரை என்று மூன்றையும் எழுதுங்கள். அப்போது வாய்க்கு வாய் பரவும் எண் 100 ஆக இருக்கும். உண்மையிலேயே வசதியில்லாத பிள்ளைக்கு முழு இலவசமாகவே சொல்லிக்கொடுங்கள். பாதிக் கட்டணத்தைக் காட்டி யாரும் பேரம் பேசுவார்கள், இலவசத்தைக் காட்டிப் பேசக் கூச்சப்படுவார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பருவத்தின் நடுவில் ஃபீஸை ஏற்ற வேண்டாம். கல்வியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போது, நான்கு வீட்டுக்கும் ஒரே நாளில் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். நான்கு பிள்ளைகளையும் இரண்டு ஜோடியாக்கி, வாரத்துக்கு 2 மணி நேரத்துக்குப் பதில் 3 மணி நேரம் தருவதாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீடும் கட்டுவது அதே வாரத்துக்கு 120தான். உங்களுக்கும் அதே 480 வரும், ஆனால் 8 மணி நேரத்துக்குப் பதில் 6 மணி நேரத்தில். மணிக்கு 80 ஆகிறது, 2 மணி நேரம் மிச்சமாகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. தனி வகுப்புதான் வேண்டும் என்பவருக்குப் புதிய ஆண்டிலிருந்து 100.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்றே விளம்பரம் போடுவது

வேண்டாம். குழுவிலிருந்து எண்களை எடுத்துத் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவது அதைவிட மோசம்.

"எல்லாப் பாடமும் எடுப்பேன்" என்பது

உங்களிடம் மாணவரை அனுப்பக்கூடிய, பள்ளி ஸ்டாஃப் ரூமில் இருக்கும் சக ஆசிரியரின் நினைவில் உங்களைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் தங்கும். எல்லாம் எடுப்பவரை யாருக்கும் எந்த நேரத்திலும் ஞாபகம் வராது. ஒரு பிள்ளை திரிகோணமிதியில் திணறுவதைப் பார்த்ததும் இயற்பியல் ஆசிரியருக்கு உங்கள் பெயர் தோன்ற வேண்டும். அதற்கு அவர் அப்படியே அனுப்பக்கூடிய மாதிரி நாலு வரி கொடுத்துவையுங்கள்:

"9, 10-ஆம் வகுப்புக் கணிதம் மட்டும். இயற்கணிதத்திலும் திரிகோணமிதியிலும் பின்தங்கிய மாணவர்களுக்கு. செவ்வாய், வியாழன் மாலை, நேரில் அல்லது ஆன்லைனில். முதல் வகுப்பில் எங்கே தடுக்கிறது என்று பார்த்து, அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுவேன்."

அனுப்புகிறவர் தன் சொந்த வார்த்தையில் மேலே ஒரு வரி சேர்த்தால்தான் பெற்றோர் அழைப்பார்கள். வெறுமனே ஃபார்வர்டு செய்த மெசேஜ் விளம்பரமாகவே படும்.

தான் திருத்தும் விடைத்தாளுக்கு உரிய மாணவரை எடுப்பது

பள்ளி அனுமதித்தாலும் கூடாது. மதிப்பெண் உயர்ந்தால் சந்தேகம், குறைந்தால் சண்டை. "உன் மாணவரை நான், என் மாணவரை நீ" என்று சக ஆசிரியரோடு மாற்றிக்கொள்வதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே ஏற்பாடாகத்தான் தெரியும். ஸ்டாஃப் ரூம் உறவை வேறு பள்ளி மாணவர்களுக்குப் பயன்படுத்துங்கள். உங்கள் சக ஆசிரியர்களின் உறவினர் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கலாம்.

மாணவரின் மதிப்பெண் பட்டியலைக் குழுவில் காட்டுவது

பெற்றோரே சம்மதித்தாலும் வேண்டாம்.

கோச்சிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு பயோடேட்டாவை மட்டும் அனுப்பிக் காத்திருப்பது

அது வரவேற்பு மேசையோடு நின்றுவிடும். ஆளை முடிவு செய்பவர் பாட ஒருங்கிணைப்பாளர். அவருக்கு அவசரமாக ஆள் தேவைப்படுவது, கால அட்டவணை போடும் சமயத்திலும் நடுப்பருவத்தில் யாராவது நின்றுவிடும்போதும்தான். அங்கே ஏற்கெனவே பாடம் எடுக்கும் ஒருவர் மூலம் மூன்று விஷயங்கள் அவருக்குப் போய்ச் சேரட்டும்: நாளைக்கே எடுக்கக்கூடிய பாடப்பகுதிகள், காலியாக இருக்கும் நேரங்கள், டெமோ வகுப்புக்குத் தயார் என்பது.

இடம் கிடைத்ததும் ஒப்பந்தத்தில், இன்ஸ்டிட்யூட் மாணவர்களுக்குத் தனியாக டியூஷன் எடுப்பது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். வேலையை விட்ட பிறகும் சில காலம் அது செல்லும் என்று எழுதியிருக்கலாம். உங்களிடம் முன்பிருந்தே படிக்கும் பிள்ளை பிறகு அதே இன்ஸ்டிட்யூட்டில் சேர்வதும் நடக்கும். கையெழுத்துப் போடுமுன், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, உங்கள் பழைய மாணவர்களின் பட்டியலை எழுதி, நிர்வாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.