கசக்காமல் கொடித்தோடை மணக்கும் பேல் ஏல்

உப்புவெளிப் பக்கம், கசப்பும் மணமும் தரும் ஹொப் பூ தூக்கலான பேல் ஏல் பியர் போத்தலைத் திறந்தால், சிலவற்றில் கசப்புக்கு முன்னே மாம்பழமும் கொடித்தோடையும் மணக்கும். பழச்சாறு சேர்த்ததாக நினைக்க வேண்டாம். ஹொப் எப்போது போடப்பட்டது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

ஹொப்பிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறினால்தான் நன்றாகக் கசக்கும். மணம் தரும் எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியாகிவிடும். 20 லீற்றரில் 10% ஆல்ஃபா அமிலமுள்ள ஹொப் 20 கிராம் போட்டால், லீற்றருக்கு 100 மில்லிகிராம் அமிலம். ஒரு மணிநேரக் கொதியில் கால்வாசி உருமாறும் என்று வைத்தால் ஏறத்தாழ 25 ஐ.பி.யு எனும் கசப்பு அலகு. அதாவது, ஓர் அலகு என்பது லீற்றருக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள். அதே ஹொப்பை நொதித்த பிறகு குளிரில் ஊறவிட்டால் அந்த உருமாற்றம் நடக்காது, மணம் தங்கும். சிட்ரா, கலக்ஸி போன்ற இனங்களை இப்படித்தான் அள்ளிப் போடுகிறார்கள்.

ஐ.பி.யு நாக்கின் அளவுகோல் அல்ல. ஆய்வுகூடத்தில் புறஊதா ஒளியை பியர்ச் சாறு எவ்வளவு உறிஞ்சுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஊறவிட்ட ஹொப்பின் வேறு பொருள்களும் அதில் சேர்ந்துவிடும். எஞ்சிய இனிப்பும் கசப்பை மூடும். எனவே 50 என்று போட்ட போத்தல் 30ஐவிட மென்மையாக இருக்கலாம்.

வாங்கும்போது அடைத்த திகதியைப் பாருங்கள். திருகோணமலை வெக்கையில் வெளியே அடுக்கிய போத்தலில் பழமணம்தான் முதலில் போகும். ஈரக் காகித அட்டை வாடை வந்தால் பழசாகிவிட்டது.